ஜாடிப் பணம் செல்லாமல் போனது 2016இல் அல்ல

பணவீக்கம் என்ற சொல் தினமும் காதில் விழுகிறது. தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தொட்டால் பணவீக்கம் என்கிறார்கள். தங்கம் பவுனுக்கு ஆயிரம் ரூபாய் ஏறினாலும் அதே சொல்தான். ஆனால் ஒரு பொருளின் விலை ஏறுவது வேறு, ரூபாயின் மதிப்பு இறங்குவது வேறு. மழை பெய்து வரத்து குறைந்தால் தக்காளி ஏறும், அடுத்த மாதம் இறங்கிவிடும். அரிசி, பஸ் கட்டணம், வீட்டு வாடகை, முடிவெட்டும் கூலி என்று பெரும்பாலான விலைகள் ஒன்றாகச் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் ஏறிக்கொண்டே போவதைத்தான் பணவீக்கம் என்கிறோம்.

அது வீட்டில் சும்மா கிடக்கும் பணத்தை என்ன செய்யும் என்பதை ஒரு சின்னக் கதையோடு பார்க்கலாம். கதையில் வரும் அப்பத்தாவும் பேரனும் கற்பனை. அவர்களைச் சுற்றியுள்ள தங்க விலை, வட்டி, குறியீட்டெண் எல்லாம் உண்மை.

## மாடு விற்ற பணம்

2001ஆம் ஆண்டு. திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். முழங்கால் வலியால் அப்பத்தாவுக்குக் குனிந்து பால் கறக்க முடியவில்லை. இருந்த இரண்டு கறவை மாடுகளையும் இருபதாயிரம் ரூபாய்க்கு விற்றுவிட்டார். மகன் பாங்கில் போடச் சொன்னார். "அங்க போய் நின்னு கைநாட்டு வைக்கச் சொல்றியாக்கும்? நம்ம காசு நம்ம வீட்டுல இருக்கட்டும்" என்று அப்பத்தா மறுத்துவிட்டார்.

பாதிப் பணத்தை, அதாவது பத்தாயிரத்தை, இருபது ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக மஞ்சள் துணியில் சுற்றினார். பழைய ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கழுவிக் காயவைத்து அதற்குள் போட்டு, பரணில் ஏற்றினார். மீதிப் பத்தாயிரத்தோடு மருமகளையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறி, தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடைக்குப் போனார்.

அந்த வருடம் 22 காரட் தங்கம் கிராம் 400 ரூபாய் அளவில் இருந்தது. 22 கிராமில், அதாவது இரண்டே முக்கால் பவுனில், ஒரு வளையல் எடுத்தார். தங்கத்துக்கு 8,800 ரூபாய், செய்கூலி சேதாரத்துக்கு 1,200 ரூபாய் என்று சரியாகப் பத்தாயிரம் ஆனது. ஒரே நாள், ஒரே தொகை. ஒரு பாதி ஜாடிக்குள்ளும் இன்னொரு பாதி கையிலும் போய்ச் சேர்ந்தன.

## ஜாடி இறங்கிய நாள்

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். மறுநாள் காலையில் பரணிலிருந்து ஜாடி இறங்கியது. தாள்களில் பூச்சி அரிக்கவில்லை, ஒன்றும் குறையவில்லை. நூறு நாள் வேலைக்காக அப்பத்தா பேரில் ஏற்கெனவே ஒரு பாங்குக் கணக்கு இருந்தது. பாங்குகள் திறந்ததும் வரிசையில் நின்று அதில் கட்டினார்கள். பாஸ்புத்தகத்தில் 10,000 என்று ஏறியதைப் பேரன் காட்டினான்.

"அப்பாடா, ஒரு ரூபா கொறையல" என்றார் அப்பத்தா.

"கொறஞ்சிருக்கு அப்பத்தா. நேத்து இன்னைக்கு இல்ல. பதினஞ்சு வருசமா கொறஞ்சிருக்கு" என்றான் பேரன். அவன் அரசுப் பள்ளி ஆசிரியர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டுப் போட்டு ஒரு எண்ணை நன்றாகப் பழகி வைத்திருந்தான். விலைவாசி ஏறுவதை ஈடுகட்ட அரசு ஊழியர் சம்பளத்தோடு சேர்த்துத் தரும் தொகைதான் அகவிலைப்படி. அதைக் கணக்கிட ஆதாரமாக இருக்கும் எண்தான் நமக்கும் இங்கே தேவை.

இதுவரை கதை இவ்வளவுதான்: பணமதிப்பிழப்பு அறிவிப்பைக் கண்டு ஊரே பயந்தது, ஆனால் அப்பத்தாவின் பத்தாயிரத்துக்குப் பாங்கு பத்தாயிரத்தைக் கொடுத்துவிட்டது. நட்டம் வேறு இடத்தில், யாரும் அறிவிக்காமல் நடந்திருந்தது.

## 100 எப்படி 277 ஆனது

ஒரு குடும்பம் மாதாமாதம் என்னென்ன வாங்குகிறது என்று பட்டியல் போட்டு, அதே பட்டியலுக்கு இன்று எவ்வளவு செலவாகும் என்று விடாமல் அளந்து வந்தால் கிடைப்பது விலைக் குறியீட்டெண். மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் தொழில்துறைத் தொழிலாளர் குடும்பங்களுக்காக இப்படி ஒன்றை மாதந்தோறும் வெளியிடுகிறது. அப்பத்தா ஜாடியை மூடிய காலத்துக்குப் பொருத்தமான தொடரில் இந்தியா முழுக்க 78 ஊர்களில் விலை எடுத்தார்கள். மதுரையும் அதில் ஒன்று. பட்டியலில் ஏறக்குறைய பாதி எடை உணவுக்கு. மீதி வாடகை, துணி, எரிபொருள், மருத்துவம், பள்ளிச் செலவு, போக்குவரத்து என்று போகும்.

எங்கிருந்து அளக்கத் தொடங்குகிறார்களோ அதை அடிப்படை ஆண்டு என்பார்கள். அந்த ஆண்டின் செலவை 100 என்று வைத்துக்கொள்வார்கள். இந்தத் தொடருக்கு அடிப்படை ஆண்டு 2001. நம் கதைக்கு அது வசதியாக அமைந்துவிட்டது. 2016 நவம்பரில் அந்த எண் 277. அதாவது 2001இல் நூறு ரூபாய்க்கு நிரம்பிய பைக்கு அப்போது 277 ரூபாய் ஆனது.

இங்கேதான் பலருக்கும் கணக்கு தடுமாறுகிறது. விலை 177 சதவீதம் ஏறிவிட்டது, அப்படியானால் ஜாடிப் பணம் முழுவதுமே போய்விட்டதா? இல்லை. இதில் கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். பத்தாயிரத்தை 2.77ஆல் வகுத்தால் சுமார் 3,610 வரும். 2016இல் அந்த இருபது தாள்களால் வாங்க முடிந்த பொருட்களை, 2001இல் 3,610 ரூபாய் கொடுத்தே வாங்கியிருக்கலாம்.

ஒரு தொகையைக் கொண்டு எவ்வளவு பொருள் வாங்க முடிகிறதோ அதுதான் அந்தப் பணத்தின் வாங்கும் சக்தி. அப்பத்தாவின் ஜாடியில் வாங்கும் சக்தி நூற்றுக்கு 64 பங்கு தேய்ந்திருந்தது. திருடன் வரவில்லை, கரையான் வரவில்லை, தாள்களின் எண்ணிக்கையும் மாறவில்லை.

ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது சராசரியாக 7 சதவீதத்தை ஒட்டி வருகிறது. ஆனால் தேய்மானம் ஒரே சீராக நடக்கவில்லை. 2001 முதல் 2005 வரை விலைவாசி ஆண்டுக்கு 4 சதவீதம் போல மெதுவாகத்தான் நகர்ந்தது. அப்போது யாராவது ஜாடியைப் பற்றிச் சொல்லியிருந்தால் அப்பத்தா சிரித்திருப்பார், சிரிக்கவும் நியாயம் இருந்தது. 2009க்குப் பிறகு நாலைந்து ஆண்டுகளுக்கு அது 10 சதவீதத்தை ஒட்டியே ஓடியது. ஜாடியின் தேய்மானம் வேகமெடுத்தது அந்தச் சில ஆண்டுகளில்தான்.

## ஏன் ஏறுகிறது?

காரணம் ஒன்று இல்லை. 2009இல் பருவமழை பெரிதாகப் பொய்த்தது, உணவு விலை ஏறியது. 2011 வாக்கில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு நூறு டாலரைத் தாண்டியது, லாரி வாடகை ஏறியது. லாரியில் வரும் எல்லாவற்றின் விலையும் கூடவே ஏறியது. இவை செலவு பக்கத்திலிருந்து வரும் தள்ளல்.

இன்னொரு தள்ளல் பணம் பக்கத்திலிருந்து வரும். நாட்டில் விளைவதும் உற்பத்தியாவதும் ஓரளவுதான் கூடுகின்றன. கையில் புழங்கும் பணமும் கடனும் அதைவிட வேகமாகக் கூடினால், அதே பொருளுக்கு அதிகப் பணம் போட்டி போடும். 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு பொருளாதாரம் படுத்துவிடக் கூடாதென்று அரசு செலவைக் கூட்டியது, வட்டியும் இறங்கியிருந்தது. இந்த இரண்டு தள்ளல்களும் சேர்ந்துகொண்டபோது மூன்றாவதாக ஒன்று முளைத்தது. விலை ஏறத்தான் போகிறது என்று எல்லோரும் நம்பத் தொடங்கினால் கொத்தனார் கூலியைக் கூட்டிக் கேட்பார், வீட்டுக்காரர் வாடகையை முன்கூட்டியே ஏற்றுவார். அந்த நம்பிக்கையே விலையை ஏற்றும்.

கூலி, வாடகை, பொருள் எல்லாம் புது விலையைச் சொல்லிக்கொள்ளும். தாளில் அச்சிட்ட எண்ணுக்கு மட்டும் அது முடியாது. ஐந்நூறு ரூபாய்த் தாளில் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்திட்டு ஒரு உறுதி தருகிறார்: இதை வைத்திருப்பவருக்கு ஐந்நூறு ரூபாய் தருவேன் என்று. ஐந்நூறு ரூபாய்க்கு எவ்வளவு அரிசி வரும் என்று எந்த ஆளுநரும் உறுதி கொடுத்ததில்லை. 2016 நவம்பரில் பாங்கு அந்த உறுதியை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியது. அதில் அப்பத்தாவுக்குப் பயன் கொஞ்சம்தான்.

சரி, பணவீக்கமே இல்லாமல் செய்துவிட முடியாதா? அரசின் குறிக்கோளே அது இல்லை. அதே 2016இல்தான் சட்டப்படி ஓர் இலக்கு வைத்தார்கள்: நுகர்வோர் விலை ஆண்டுக்கு 4 சதவீதம் ஏற வேண்டும், இரண்டு பக்கமும் 2 சதவீதம் விலகலாம். விலைகள் இறங்கிக்கொண்டே போனால் மக்கள் வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள், தொழில் முடங்கும் என்ற பயம் இதற்கு ஒரு காரணம். ஆக, ரிசர்வ் வங்கி தன் வேலையைக் கச்சிதமாகச் செய்தாலும் ஜாடிப் பணம் ஆண்டுக்கு 4 சதவீதம் தேயும். 18 ஆண்டுகளில் பாதியாகும். அதைவிட வேகமாகத் தேய்ந்தால்தான் "பணவீக்கம் கட்டுக்குள் இல்லை" என்று செய்தி வரும்.

இந்தப் பகுதியின் சாரம்: விலைகள் பல பக்கத்துத் தள்ளலால் ஏறுகின்றன, தாளின் எண் அசையாமல் நிற்கிறது, மிதமான ஏற்றம் அரசே வைத்திருக்கும் இலக்கு.

## வளையல் வளர்ந்ததா?

அதே மாதத்தில் வளையலையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். விற்க இல்லை, விலை கேட்க. 22 காரட் தங்கம் அப்போது கிராம் 2,750 ரூபாய் சுற்றில் இருந்தது. 22 கிராமுக்கு 60,500 வர வேண்டும் என்று பேரன் பஸ்ஸிலேயே கணக்குப் போட்டிருந்தான். கடைக்காரர் உரசிப் பார்த்தார். ஹால்மார்க் இல்லாத பழைய நகை. பற்று, தேய்மானம், மாற்றுக் குறைவு எல்லாம் கழித்து 20 கிராமுக்குத்தான் விலை போடுவேன் என்றார். அதாவது 55,000. வாங்கும்போது கொடுத்த செய்கூலி சேதாரம் 1,200இல் ஒரு பைசாகூடத் திரும்பாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகையாக வாங்கும் தங்கத்தில் இந்த இழப்பு எப்போதும் உண்டு, பேச்சில்தான் அதை விட்டுவிடுகிறோம்.

ஆனாலும் பத்தாயிரம் 55,000 ஆகியிருக்கிறது. "பாத்தியா, அஞ்சு மடங்குக்கு மேல" என்று அப்பத்தா சந்தோஷப்பட்டார்.

இதை இப்படி யோசிக்கலாம். களத்தில் ஒரு நெல் குவியல் இருக்கிறது, பெரிய படியால் அளந்தால் நூறு படி. படியை யாரோ ரகசியமாகச் சிறுக்க வைத்துவிட்டார்கள். மறுபடி அளந்தால் 277 படி வருகிறது. குவியல் வளரவில்லை, படிதான் சிறுத்திருக்கிறது. ரூபாய் அந்தப் படி. பதினைந்து ஆண்டு இடைவெளியில் எதை ரூபாயால் அளந்தாலும், முதலில் படி எவ்வளவு சிறுத்தது என்று பார்த்து அந்தக் கணக்கில் வகுத்துவிட வேண்டும். அப்படிப் படியின் மாற்றத்தை நீக்கிவிட்டுச் சொல்லும் மதிப்பைத்தான் மெய் மதிப்பு என்கிறோம்.

55,000ஐ 2.77ஆல் வகுத்தால் 19,850 சொச்சம் வருகிறது. 2001இன் ரூபாயில் அப்பத்தாவின் பத்தாயிரம் ஏறக்குறைய இருபதாயிரம் ஆகியிருக்கிறது. ஐந்தரை மடங்கு என்று தெரிந்ததில் மெய்யான வளர்ச்சி இரண்டு மடங்கு. மீதி எல்லாம் படி சிறுத்த கணக்கு.

அந்த இரண்டு மடங்கு எங்கிருந்து வந்தது? இந்தியாவில் அரிசி விலை ஏறியதற்காகத் தங்கம் ஏறுவதில்லை. நாம் பயன்படுத்தும் தங்கம் பெரும்பாலும் இறக்குமதி, அதன் விலை உலகச் சந்தையில் டாலரில் முடிவாகிறது. 2001இல் ஓர் அவுன்ஸ் தங்கம் சராசரியாக 271 டாலர், 2016 நவம்பரில் 1,230 டாலரை ஒட்டி இருந்தது. இது நாலரை மடங்கு. அதே காலத்தில் ஒரு டாலர் 47 ரூபாயிலிருந்து 67 ரூபாய்க்குப் போனது. இரண்டையும் பெருக்கினால் ஆறரை மடங்கு வந்துவிடும். கொஞ்சம் இறக்குமதி வரியும் ஏறியிருந்தது. அப்பத்தாவின் பத்தாயிரம் ஐந்தரை மடங்கோடு நின்றது, கடையில் கழித்ததும் செய்கூலியும் போனதால்.

இதில் அப்பத்தாவின் நல்ல காலமும் இருக்கிறது. 2001 என்பது தங்கம் உலகச் சந்தையில் இருபது ஆண்டுகளாக விழுந்து கிடந்த சமயம். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம்தான் 2001இல் 271க்குக் கிடைத்தது. அப்பத்தா இதையெல்லாம் பார்த்து வாங்கவில்லை, மாடு விற்ற நாள் அப்படி அமைந்தது.

அமையாமல் போயிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மருமகளின் கதை இருக்கிறது. அவர் 2012 நவம்பரில் வளையல் எடுத்தார். அப்போது சுத்தத் தங்கம் பத்து கிராம் 31,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. மூன்று ஆண்டு கழித்து 2015 டிசம்பரில் அவசரச் செலவுக்கு விற்றபோது அது 25,000 சுற்றில் இருந்தது. அதே மூன்று ஆண்டுகளில் விலைக் குறியீட்டெண் 218இலிருந்து 269க்கு ஏறியிருந்தது. தங்கமும் இறங்கியது, ரூபாயும் சிறுத்தது. மெய் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது, செய்கூலியைச் சேர்க்காமலே. அந்த மூன்று ஆண்டுகளில் வளையலைவிட ஜாடியே குறைவாக இழந்திருக்கும். தங்கம் பணவீக்கத்துக்குக் காப்பு என்று சொல்பவர்கள் பெரும்பாலும் எந்த ஆண்டு வாங்கி எந்த ஆண்டு விற்றது என்று சொல்வதில்லை.

சுருக்கமாக: தங்கம் உலக விலையோடும் டாலரோடும் நகர்கிறது. நீண்ட காலத்தில் ரூபாயின் தேய்மானத்தைத் தாண்டி ஓடியிருக்கிறது. குறுகிய காலத்தில் அப்படி ஓடும் என்று எந்த நிச்சயமும் இல்லை.

## பாங்கில் போட்டிருந்தால்

மகன் சொன்னபடி 2001இல் பாங்கில் போட்டிருந்தால்? எந்தக் கணக்கில் என்பதைப் பொறுத்தது. சேமிப்புக் கணக்கு வட்டி 2003 வரை 4 சதவீதம், 2011 வரை 3.5 சதவீதம், அதற்குப் பிறகு 4 சதவீதம். அப்படியே விட்டிருந்தால் பத்தாயிரம் 2016இல் 17,300 போல ஆகியிருக்கும். 2.77ஆல் வகுத்தால் 6,200 சொச்சம். பாஸ்புத்தகத்தில் பணம் ஏறியிருக்கும், வாங்கும் சக்தி இறங்கியிருக்கும். ஜாடியைவிடத் தேவலை, அவ்வளவுதான்.

நிரந்தர வைப்பில் போட்டுப் புதுப்பித்துக்கொண்டே வந்து, வட்டி ஏற்ற இறக்கத்தோடு சராசரியாக 8 சதவீதம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் 31,700 ஆகும், மெய் மதிப்பில் 11,400க்கு மேல். பதினைந்து ஆண்டு உழைத்த பணம் மெய்யாகச் சம்பாதித்தது 1,400 ரூபாய்தான். பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் வைத்த மதிப்பு குறையாமல் நின்றது, விலை இறங்குமோ என்று கவலைப்படவும் வேண்டியதில்லை. வருமான வரி கட்டுபவராக இருந்தால் வட்டிக்கான வரி இந்த மெல்லிய லாபத்தையும் தின்றுவிடலாம்.

எந்தச் சேமிப்புக்கும் கேட்க வேண்டிய கேள்வி இதனால்தான் "எவ்வளவு வட்டி" என்பதோடு முடிவதில்லை. வட்டியிலிருந்து அந்த ஆண்டின் பணவீக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வட்டி 4, பணவீக்கம் 7 என்றால் ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 277 என்பது ஓர் ஆலைத் தொழிலாளர் குடும்பத்தின் பட்டியலுக்கான சராசரி. அப்பத்தாவுக்கு வாடகை கிடையாது, பள்ளிக் கட்டணம் கிடையாது. அவர் செலவு அரிசி, வெற்றிலை, முழங்கால் மாத்திரை, மதுரை ஆஸ்பத்திரிக்குப் பஸ். அவருடைய ஜாடி தேய்ந்தது இதைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ இருந்திருக்கலாம். செய்தியில் வரும் பணவீக்க எண்ணைப் பார்த்து "எங்க வீட்டுல இதைவிட ஏறிருக்கே" என்று பலர் சொல்வது பொய்யல்ல, அவர்கள் பட்டியல் வேறு.

## அதற்குப் பிறகு

அந்தப் பத்தாயிரம் 2016க்குப் பின் நூறு நாள் வேலைக் கணக்கிலேயே கிடந்தது. அப்பத்தா எடுக்கவும் இல்லை, நிரந்தர வைப்புக்கு மாற்றவும் இல்லை. சேமிப்புக் கணக்கு வட்டி முன்னணி பாங்குகளில் 4 சதவீதத்திலிருந்து படிப்படியாக 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. எட்டு ஆண்டுகளுக்குச் சராசரி 3 சதவீதம் என்று போட்டால் 2024 முடிவில் கணக்கில் 12,700 ரூபாய் இருக்கும்.

குறியீட்டெண்ணுக்கு இதற்கிடையில் புதிய அடிப்படை ஆண்டு வந்துவிட்டது, இப்போது 2016தான் 100. 2024 டிசம்பரில் அது 143.7. பழைய தொடரோடு ஒப்பிட அரசே கொடுத்துள்ள 2.88 என்ற பெருக்கெண்ணால் பெருக்கினால் 414 வருகிறது. 277இலிருந்து 414 என்றால் விலைவாசி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பத்தாயிரம் தன் மதிப்பைத் தக்கவைக்க வேண்டுமானால் 14,900 ஆகியிருக்க வேண்டும். 2,200 ரூபாய் குறைகிறது.

பரணிலேயே இருந்து, தாள்களும் செல்லுபடியாகியிருந்தால் குறைவது 4,900 ஆக இருந்திருக்கும். ஜாடியிலிருந்து சேமிப்புக் கணக்குக்கு மாறியதால் தேய்மானம் பாதிக்குக் கீழே வந்தது, நிற்கவில்லை. பேரன் இப்போது அதை நிரந்தர வைப்புக்கு மாற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறான். "அந்தக் கைநாட்டுதானே, வச்சிடலாம்யா" என்று அப்பத்தா ஒருவழியாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.